பிஎன்ஜி லோகோவைச் சிறிதாக்கினால் ஓரத்தில் வெள்ளை: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

கறுப்பு டி-ஷர்ட் மேல் சிவப்பு லோகோ. டிசைனர் அனுப்பிய பெரிய ஃபைலில் ஓரம் சுத்தமாக இருக்கிறது. கேட்லாக்குக்காகச் சிறிதாக்கி வைத்தவுடன் எழுத்துகளைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்லாக் போடுகிறவர்கள், ஈரோடு, சென்னிமலைப் பக்கம் போர்வை, பெட்ஷீட் படங்களை ஆன்லைனில் ஏற்றுகிறவர்கள், டிசைனை ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இந்த ஒரே புகாரோடு வருகிறார்கள். வரும்போதே நாலு பேர் சொன்ன நாலு யோசனைகளையும் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

ரீசைஸ் செய்யும் கருவியை மாற்று என்கிறார் ஒருவர். லோகோவுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிறத்தைப் பரப்பு என்கிறார் அடுத்தவர். டிரான்ஸ்பரன்டே வேண்டாம், பின்னணியோடு சேர்த்துவிடு என்பது மூன்றாவது. பிரிண்டிங் யூனிட்காரரோ, "ஓரத்தை கூர்மையா வெட்டிக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். நான்கும் சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நிலைமைக்கான பதில். எது யாருக்கு என்று பிரிப்பதுதான் இந்தக் கட்டுரை.

## அந்த வெள்ளை எங்கே ஒளிந்திருந்தது?

டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு எண்கள் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் ஆல்ஃபா. ஆல்ஃபா 255 என்றால் அந்தப் பிக்சல் முழுதாகத் தெரியும். 0 என்றால் தெரியவே தெரியாது. தெரியாத பிக்சலுக்கும் நிற எண்கள் ஃபைலில் இருக்கத்தான் செய்யும். 1996-ல் வந்த பிஎன்ஜி விதிமுறையே அப்படி: நிறத்தையும் ஆல்ஃபாவையும் பெருக்காமல் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். அதனால் லோகோவுக்கு வெளியே உள்ள காலி இடத்தில் "வெள்ளை, ஆனால் ஆல்ஃபா 0" என்று எழுதியிருப்பது ரொம்பச் சாதாரணம். சில கருவிகள் அங்கே கறுப்பை வைக்கும். எதை வைத்தாலும் படம் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது.

சிறிதாக்கும்போதுதான் அது வெளியே வருகிறது. ரீசைஸ் என்பது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் சராசரி. லோகோவின் ஓரத்தில் சிவப்பு (200, 0, 0), ஆல்ஃபா 255. அதற்கு அடுத்து வெள்ளை (255, 255, 255), ஆல்ஃபா 0. படத்தைப் பாதியாக்கும்போது இரண்டும் ஒரே பிக்சலாகின்றன. நான்கு எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியாகச் சராசரி எடுத்தால் கிடைப்பது (228, 128, 128), ஆல்ஃபா 128. ஆல்ஃபா சரி, பாதி தெரிகிற பிக்சல்தான் வர வேண்டும். நிறம் தப்பு. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ரோஸ் வந்துவிட்டது.

இதை (20, 20, 20) என்ற டி-ஷர்ட் கறுப்பின் மேல் வையுங்கள். ஏறத்தாழ (124, 74, 74) தெரியும். சரியாகக் கணக்கிட்டிருந்தால் (110, 10, 10) தெரிய வேண்டும். பச்சையும் நீலமும் 10-ல் இருக்க வேண்டியது 74-க்கு ஏறியிருக்கிறது. அந்த ஏற்றம்தான் உங்கள் கண்ணில் வெள்ளைக் கோடாகப் படுகிறது. இதே படத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் கோடு தெரியாது, எழுத்து கொஞ்சம் மெலிந்த மாதிரி மட்டும் இருக்கும். அதனால்தான் டிசைனரின் வெள்ளைத் திரையில் தப்பித்த ஃபைல் கறுப்பு டி-ஷர்ட்டில் மாட்டிக்கொள்கிறது.

சாயப்பட்டறைக் கணக்காகச் சொன்னால்: ஒரு வாளியில் சிவப்புச் சாயம், இன்னொரு வாளி காலி, ஆனால் அதன் மேல் "வெள்ளை" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. காலி வாளியைக் கவிழ்த்தால் சாயத்தின் நிறம் மாறாது. சீட்டை மட்டும் பார்த்துக் கலவை எழுதினால் மாறிவிடும்.

## தேர்வுக்கு முன் ஒரு சோதனை

வெள்ளை விளிம்புக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று மேலே சொன்ன ரீசைஸ் கோளாறு. மற்றது, வெள்ளைப் பின்னணியில் இருந்த படத்திலிருந்து லோகோவை வெட்டி எடுத்தபோதே ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளை. வெட்டும்போது ஓரப் பிக்சல் ஏற்கெனவே பாதிச் சிவப்பும் பாதி வெள்ளையுமாகத்தான் இருந்தது. அதற்கு ஆல்ஃபா 128 மட்டும் கொடுத்தால் அங்கேயும் அதே (228, 128, 128), 128 வரும். எண்களை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

அதனால் மூல ஃபைலைச் சிறிதாக்காமல் அப்படியே கறுப்பின் மேல் வைத்து, 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். இமேஜ்மேஜிக் கருவியில் அதற்கான கட்டளை இது:

```
magick logo.png -background black -flatten test.png
```

மூலத்திலேயே வெளிறிய விளிம்பு இருந்தால் அது வெட்டிய இடத்துப் பிரச்சினை; கீழே வரும் எந்த ரீசைஸ் முறையும் அதைப் போக்காது. போட்டோஷாப்பில் Layer > Matting > Remove White Matte அதற்காகவே இருக்கிறது. அது செய்வது எளிய கழித்தல்தான்: பிக்சல் நிறத்திலிருந்து வெள்ளையின் பங்கைக் கழித்து, மீதியை ஆல்ஃபாவால் வகுப்பது. கணக்கில் ஆல்ஃபா 255-ஐ 1 என்று வைத்துக்கொள்கிறோம், அப்போது 128 என்பது 0.5. (228 − 127.5) ஐ 0.5 ஆல் வகுத்தால் 201. (128 − 127.5) ஐ 0.5 ஆல் வகுத்தால் 1. அதாவது (201, 1, 1), கிட்டத்தட்டப் பழைய சிவப்பு. வெட்டும்போது ஆல்ஃபாவைச் சரியாக எடுத்திருந்தால்தான் இந்தக் கழித்தல் வேலை செய்யும். ஆல்ஃபாவே குத்துமதிப்பு என்றால் டிசைனரிடம் மூல வெக்டார் ஃபைலைக் கேட்டு வாங்குவதுதான் நேரத்துக்கு நல்லது.

மூலம் கறுப்பில் சுத்தமாக இருக்கிறது, சிறிதாக்கிய பிறகுதான் விளிம்பு வருகிறது என்றால், ஒளிந்திருக்கும் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்:

```
magick logo.png -alpha off hidden.png
```

ஆல்ஃபாவைக் கழற்றிய படம் இது. லோகோவைச் சுற்றி வெள்ளையாக இருந்தால் வெளிர் விளிம்பு வரும்; கறுப்பாக இருந்தால், வெளிர் துணியின் மேல் அழுக்குப் படிந்த மாதிரி கருத்த விளிம்பு வரும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்பேன்.

கடைசி ரீசைஸ் யார் கையில்? நீங்கள் 500 பிக்சலில் கொடுத்ததை அப்படியே போடுகிறார்களா, அல்லது விற்பனைத் தளமோ பையரின் சாஃப்ட்வேரோ மறுபடியும் சிறிதாக்குமா? பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான், முடிவை அதிகம் மாற்றுவதும் இதுதான்.

எத்தனை பின்னணி நிறங்கள்? ஒரே வெள்ளையா, அல்லது கறுப்பு, நேவி, பாட்டில் கிரீன் என்று எட்டு டி-ஷர்ட் நிறங்களா?

திரைக்கா, துணிக்கா? திரையில் பாதி தெரிகிற பிக்சல் நல்ல நண்பன், ஓரத்தை மழுப்பிக் காட்டும். துணியில் அது தொல்லை.

## முதல் வழி: ஆல்ஃபாவால் பெருக்கி, சிறிதாக்கி, வகுப்பது

கோளாறின் வேரைத் தொடும் வழி இது. சராசரி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் அதன் ஆல்ஃபாவால் பெருக்கிவிடுகிறோம். சிவப்பு (200, 0, 0) அப்படியே நிற்கும். ஆல்ஃபா 0 உள்ள வெள்ளை (0, 0, 0) ஆகிவிடும், அதாவது கணக்கில் அதற்குப் பங்கே இல்லை. சராசரி (100, 0, 0), ஆல்ஃபா 0.5. கடைசியில் ஆல்ஃபாவால் வகுத்தால் (200, 0, 0). சிவப்பு சிவப்பாகவே திரும்பி வருகிறது. ப்ரீமல்டிப்ளைடு ஆல்ஃபா என்று இதற்குப் பெயர். 1984-ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய ஆய்வுரையிலிருந்து கிராபிக்ஸ் உலகில் நிலைத்துவிட்ட முறை.

பல கருவிகள் சொல்லாமலே இதைச் செய்கின்றன. பைதானின் பில்லோ, இமேஜ்மேஜிக்கின் `-resize`, நோட் ஜேஎஸ்ஸில் ஷார்ப், மூன்றும் ஆல்ஃபாவைக் கணக்கில் எடுத்தே சிறிதாக்கும். ஓபன்சிவியின் `cv2.resize` செய்யாது. அதைப் பொறுத்தவரை நான்காவது எண்ணும் வெறும் எண்தான். யாரோ எழுதிக் கொடுத்த ஆட்டோமேஷன் ஸ்கிரிப்டில் அது ஓடிக்கொண்டிருந்தால், நூற்றுக்கணக்கான கேட்லாக் படங்களில் வெள்ளை விளிம்பு வரக் காரணம் அநேகமாக அந்த ஒரு வரிதான். அதை இப்படி மாற்றலாம்:

```python
import cv2, numpy as np
p = cv2.imread("logo.png", cv2.IMREAD_UNCHANGED).astype(np.float32)
p[..., :3] *= p[..., 3:] / 255
q = cv2.resize(p, (500, 500), interpolation=cv2.INTER_AREA)
q[..., :3] /= np.maximum(q[..., 3:] / 255, 1e-6)
cv2.imwrite("logo500.png", q.clip(0, 255).round().astype(np.uint8))
```

`float32` என்பதை விட்டுவிடாதீர்கள். எட்டு பிட்டிலேயே பெருக்கி வகுத்தால், ஆல்ஃபா 10 உள்ள நிழல் பகுதியில் ஒரு நிறத்துக்கு 11 படிகள்தான் மிஞ்சும். லோகோவுக்கு அது பொருட்டில்லை. புகை, நிழல், பளபளப்பு உள்ள படத்தை அப்புறம் அடர்த்தியாக்கப் போகிறீர்கள் என்றால் பட்டை பட்டையாகத் தெரியும்.

பில்லோவில் ஒரு பொறி உண்டு. 256 நிறப் பட்டியலோடு சேமித்த சிறிய பிஎன்ஜியைத் திறந்து நேராக `resize` சொன்னால், அது சராசரியே எடுக்காமல் பக்கத்துப் பிக்சலைத் தூக்கிப் போடும். வெள்ளை விளிம்பு இருக்காது, ஆனால் ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக இருக்கும். முதலில் `convert("RGBA")` போட்டுவிட்டால் போதும்.

இந்த வழியின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. பெருக்கி வகுத்த பிறகு, முழுக்கத் தெரியாத பிக்சல்களின் நிறம் பூஜ்யம், அதாவது கறுப்பு. உங்கள் ஃபைல் உங்கள் திரையில் சுத்தம். அதை வாங்குகிறவரின் கருவி ஆல்ஃபாவைப் பாராமல் இன்னொரு முறை சிறிதாக்கினால், வெள்ளை விளிம்புக்குப் பதில் கருப்பு விளிம்பு வரும். "உங்க ஃபைல்ல பிரச்சினை" என்றுதான் அவர் சொல்லுவார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

கடைசி அளவு உங்கள் கையில் இருக்கும்போது இதைவிடச் சிறந்தது இல்லை.

## இரண்டாம் வழி: ஓர நிறத்தை வெளியே பரப்புவது

இங்கே கணக்கை மாற்றுவதில்லை. ஒளிந்திருக்கும் வெள்ளையை அழித்து, அங்கே பக்கத்திலிருக்கும் லோகோ நிறத்தையே எழுதிவைக்கிறோம். ஆல்ஃபா 0 ஆகவே இருக்கும், படம் பார்க்க எந்த மாற்றமும் இல்லை. ஆனால் யார் எந்தக் கருவியில் எவ்வளவு மோசமாகச் சராசரி எடுத்தாலும், சிவப்போடு சிவப்பு சேர்ந்து சிவப்புதான் வரும். விளையாட்டு மென்பொருள் செய்பவர்களுக்கு இது பழகிய வேலை. யூனிட்டியில் படத்தை உள்ளே எடுக்கும்போது Alpha Is Transparency என்ற பெட்டியை டிக் செய்தால் அது செய்வது இதைத்தான்.

```python
import numpy as np
from PIL import Image
from scipy.ndimage import distance_transform_edt as edt
p = np.array(Image.open("logo.png").convert("RGBA"))
i = edt(p[..., 3] < 16, return_distances=False, return_indices=True)
p[..., :3] = p[i[0], i[1], :3]
Image.fromarray(p).save("logo_bleed.png")
```

ஆல்ஃபா 16-க்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும், அதற்கு மிக அருகில் இருக்கும் நல்ல பிக்சலின் நிறத்தை இது எடுத்து வைக்கிறது. 16 என்பதற்குக் காரணம், ஆல்ஃபா ஒன்று இரண்டு உள்ள பிக்சல்களின் நிறத்தை நம்ப முடியாது என்பதுதான். அதைப் பரப்பினால் குப்பையைப் பரப்பியதாகும். இந்த நிரல் படத்தின் விளிம்பு வரை பரப்பிவிடும். கையால் பரப்புகிறவர்கள் இரண்டு மூன்று பிக்சல் அகலத்தோடு நிறுத்திவிடுவார்கள், அது போதாது. லான்சோஸ் என்ற ரீசைஸ் முறையில் எட்டில் ஒரு பங்காகச் சிறிதாக்கும்போது, ஒரு புதிய பிக்சலுக்காக அது மூலத்தில் இருபுறமும் 24 பிக்சல் தூரம் வரை எட்டிப் பார்க்கும். அந்தத் தூரத்தில் வெள்ளை இருந்தால் வெள்ளையும் வரும்.

குறை என்ன? முதலாவது, இது கிட்டத்தட்டச் சரி, முழுக்கச் சரி அல்ல. ஒரே நிற லோகோவில் வித்தியாசமே இருக்காது. பல நிறங்கள் உள்ள ஓரத்தில், நன்றாகத் தெரியும் பிக்சலுக்கும் மங்கலான பிக்சலுக்கும் ஒரே எடை கிடைப்பதால் நிறம் லேசாக நகரும். இரண்டாவது, ஃபைல் பெரிதாகும். ஒரே வெள்ளையாக இருந்த இடம் நன்றாகச் சுருங்கியது, இப்போது கோடு கோடாக நிறங்கள் ஓடுகின்றன.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஃபைல் எடையைக் குறைக்கும் கருவிகள் உங்கள் உழைப்பைத் துடைத்துவிடும். `oxipng -a` என்றாலோ `zopflipng --lossy_transparent` என்றாலோ, தெரியாத பிக்சலின் நிறம் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். படத்தை வெப்பி வடிவத்துக்கு மாற்றும் `cwebp` இயல்பிலேயே அப்படித்தான்; `-exact` என்று சேர்த்தால்தான் ஒளிந்திருக்கும் நிறத்தை விட்டுவைக்கும். பரப்பிய ஃபைலை அனுப்புவதற்கு முன் மேலே சொன்ன `-alpha off` சோதனையை மறுபடி ஒரு தடவை போடுங்கள். சுற்றிலும் சிவப்பு தெரிந்தால் அனுப்பலாம்.

ஃபைல் உங்கள் கையை விட்டுப் போய் வேறொருவரிடம் மறுபடி சிறிதாகப் போகிறது என்றால் இதுதான் வழி.

## மூன்றாம் வழி: பின்னணியோடு சேர்த்துவிடுவது

கேட்லாக் பக்கம் வெள்ளை, அது மாறப் போவதில்லை. அப்படியானால் எதற்கு டிரான்ஸ்பரன்ட்? மூலத்தை வெள்ளையின் மேல் வைத்து ஒன்றாக்கிவிட்டு, அதன் பிறகு சிறிதாக்குங்கள். ஆல்ஃபா இல்லாத படத்தில் எந்தக் கருவியும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்துகொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வரிசை முக்கியம்: முதலில் சேர்ப்பது, அப்புறம் சிறிதாக்குவது. தப்பான கருவியில் சிறிதாக்கிவிட்டுச் சேர்த்தால் விளிம்பும் சேர்ந்தே பதிந்துவிடும்.

செலவு எண்ணிக்கையில் வருகிறது. எட்டு டி-ஷர்ட் நிறத்துக்கு எட்டு ஃபைல். நேவிக்குச் செய்ததை யாராவது மறுபடி வெட்டி மஞ்சளின் மேல் வைத்தால், இப்போது நேவி விளிம்பு. மேலே சோதனையில் பார்த்த "வெட்டிய இடத்துப் பிரச்சினை" பிறப்பதும் இப்படித்தான், யாரோ முன்பு சேர்த்துவிட்டதால்.

## நான்காம் வழி: டிடிஎஃப்புக்குக் கூர்மையான ஓரம்

டிடிஎஃப்பில் நிற மையோடு வெள்ளை மையும் சேர்ந்து ஃபிலிமில் பதிகிறது. துணியில் ஒட்டிய பிறகு வெள்ளை நிறத்துக்கு அடியில் இருக்கும். ஆல்ஃபா கொஞ்சமாவது உள்ள இடத்துக்கெல்லாம் வெள்ளை அடிப்படலம் போடும்படி மென்பொருள் அமைந்திருந்தால், உங்கள் பாதி தெரியும் ஓரப் பிக்சலுக்கும் வெள்ளை போகும். திரையில் மழுங்கலாக மறைந்த ஓரம் கறுப்புத் துணியில் நிஜமான வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். இங்கே ரீசைஸ் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தாலும் விளிம்பு வரலாம் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஆல்ஃபாவை இரண்டே நிலைக்கு வெட்டிவிடுகிறோம்: பாதிக்கு மேல் என்றால் முழுதாகத் தெரியும், பாதிக்குக் கீழ் என்றால் இல்லை.

```
magick logo3000.png -channel A -threshold 50% +channel logo_dtf.png
```

படிக்கட்டு மாதிரித் தெரியாதா என்றால், 10 அங்குல அகலத்துக்கு 3000 பிக்சல் இருக்கும்போது ஒரு பிக்சல் சுமார் 0.085 மில்லிமீட்டர்தான். பனியன் துணியின் கண்ணியே அதைவிடப் பெரியது. அதே ஃபைலை 500 பிக்சலில் வெட்டிக் கொடுத்தால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர், நிச்சயம் தெரியும்.

ஆனால் முதல் வழியைத் தாண்டி இங்கே நேராக வந்துவிட முடியாது. தப்பாகச் சிறிதாக்கிய ஃபைலை வெட்டினால் (228, 128, 128) என்ற அந்த ரோஸ் பிக்சலுக்கு ஆல்ஃபா 255 கிடைத்துவிடும். முன்பு பாதி தெரிந்த தப்பு இப்போது முழுதாகத் தெரியும். முதலில் பெருக்கி வகுத்து அளவை மாற்றுங்கள், அப்புறம் வெட்டுங்கள்.

பிரிண்டிங் யூனிட் பக்கத்திலும் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஃபைலை பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரிப் மென்பொருளில் சோக் என்ற அமைப்பு வெள்ளைப் படலத்தை ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்துவிடும். வெட்டிய ஓரமும் கொஞ்சம் சோக்கும் சேர்ந்தால் கறுப்புத் துணியில் சுத்தமாக வரும். அதிகம் இழுத்தால் மெல்லிய எழுத்துகளுக்கு அடியில் வெள்ளையே இல்லாமல் நிறம் மங்கிவிடும். மென்மையான நிழல் உள்ள டிசைனுக்கு இந்த வழி ஆகாது. நிழல் பாதியில் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். அதைப் புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன்தான் அங்கே பதில்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெருக்கி வகுப்பது | நிறம் பரப்புவது | பின்னணியோடு சேர்ப்பது | கூர்மையாக வெட்டுவது |
|---|---|---|---|---|
| நிறத் துல்லியம் | முழுமை | ஒரே நிறத்தில் முழுமை, கலப்பில் ஏறத்தாழ | முழுமை, அந்தப் பின்னணிக்கு மட்டும் | முதல் வழிக்குப் பிறகு செய்தால் சரி |
| அடுத்தவர் மறுபடி சிறிதாக்கினால் | கறுப்பு விளிம்பு வரலாம் | தாங்கும் | தாங்கும் | அந்த அளவுக்கு மட்டும் |
| பல பின்னணி | ஒரே ஃபைல் போதும் | ஒரே ஃபைல் போதும் | நிறத்துக்கு ஒரு ஃபைல் | துணிக்கு மட்டும் |
| மறைந்த செலவு | தெரியாத நிறம் அழிகிறது | ஃபைல் பெரிதாகும், சுருக்கும் கருவி துடைக்கும் | திரும்ப வெட்ட முடியாது | மென்நிழல் போய்விடும் |

## ஒரே லோகோ, மூன்று ஆர்டர்

4000 பிக்சல் அகலத்தில் ஒரு சிவப்பு லோகோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளிந்த நிறம் வெள்ளை. கறுப்பின் மேல் வைத்துப் பார்த்தாயிற்று, மூலம் சுத்தம்.

கம்பெனியின் சொந்தத் தளத்தில் எட்டு டி-ஷர்ட் நிறங்களின் மேல் 500 பிக்சலில் லோகோ வர வேண்டும். அளவு நம் கையில், பின்னணி பல. இங்கே முதல் வழி, வேறு யோசனை வேண்டாம். பில்லோவில் இரண்டு வரி வேலை. முடிந்ததும் கறுப்பில் ஒரு தடவை, வெள்ளையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் போதும்.

அதே லோகோவை வெளிநாட்டுப் பையரின் மெர்ச்சண்டைசர் 1000 பிக்சலில் கேட்கிறார். அவர் அதை எந்த சாஃப்ட்வேரில் போட்டு எவ்வளவு சிறிதாக்குவார் என்று நமக்குத் தெரியாது. இங்கே இரண்டையும் சேர்த்துச் செய்வேன்: 4000-த்திலிருந்து 1000-க்கு முதல் வழியில் கொண்டுவந்து, வந்த ஃபைலின் மேல் இரண்டாம் வழியின் நிரலை ஓட்டுவது. வரிசையை மாற்றினால் பயனில்லை. பரப்பிய நிறம் பெருக்கலில் பூஜ்யமாகிவிடும். ஃபைலைச் சுருக்கும் கருவி எதிலும் போடாமல் அனுப்ப வேண்டும். கொஞ்சம் எடை கூடுதலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, கறுப்பு டி-ஷர்ட்டில் 10 அங்குல டிடிஎஃப். 4000-த்திலிருந்து 3000-க்கு முதல் வழி, அதன் பிறகு 50 சதவீதத்தில் வெட்டு. லோகோவுக்குக் கீழே ஏதாவது மெல்லிய எழுத்து வரி இருந்தால் வெட்டிய பிறகு அதை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒரு பிக்சலுக்கும் மெலிந்த கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கும். அறுந்திருந்தால் வரம்பை 50-லிருந்து 35-க்கு இறக்கிப் பார்க்கலாம், எழுத்து கொஞ்சம் தடிக்கும். அதற்கும் நிற்கவில்லை என்றால் அந்த வரியை டிசைனரிடமே தடிமனாக்கச் சொல்லிவிட்டு, ஃபிலிம் ஓட்டும் முன் அதே துணியில் ஒரு சாம்பிள் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.